வளவுப் பட்டாலையில் உட்கார்ந்து நான் இழந்த இரண்டு நேர்காணல்கள்

சென்ற வருடம் சித்திரையில் சென்னையில் பார்த்த வேலை போனது. மென்பொருள் சோதனைப் பிரிவில் ஆறு வருட அனுபவம், கடைசியாக வாங்கிய சம்பளம் 58,000. வாடகை கொடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து வேலை தேடுவதில் அர்த்தமில்லை என்று செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்கு வந்துவிட்டேன். அப்பத்தா தனியாக இருந்த வீடு, இடத்துக்குப் பஞ்சமில்லை, இணைய இணைப்பும் இருந்தது. இப்போதெல்லாம் நேர்காணலின் முதல் இரண்டு சுற்றுகள் பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கின்றன, எங்கிருந்து பேசினால் என்ன என்று நினைத்தேன். எங்கிருந்து பேசுகிறோம் என்பதால்தான் எனக்கு இரண்டு வேலைகள் போயின. அதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டரை மாதச் சம்பளமும், தேவையில்லாமல் வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த 7,900 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

முதல் நேர்காணலுக்கு, வளவு என்று நாங்கள் சொல்லும் நடுமுற்றத்தை ஒட்டிய பட்டாலைத் திண்ணையைத்தான் தேர்ந்தெடுத்தேன். முதுகுக்குப் பின்னால் பர்மா தேக்குத் தூண்கள், அதற்கும் பின்னால் திறந்த வளவு, கீழே ஆத்தங்குடிக் கல். பார்க்கிறவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் வரும் என்று மனதார நம்பினேன். முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்கு மடிக்கணினியில் கேமராவைத் திறந்து பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. நேர்காணல் மறுநாள் காலை 11 மணிக்கு.

பதினொரு மணிக்கு வளவுக்குள் வெயில் நேராக இறங்கி நிற்கும் என்பது பிறந்ததிலிருந்து அந்த வீட்டைத் தெரிந்த எனக்கு அன்று ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் வருத்தம்தான். அழைப்பில் சேர்ந்ததும் எதிரில் இருந்தவர் சொன்ன முதல் வாக்கியம், "உங்க முகம் தெரியலையே, லைட் போட முடியுமா?" எழுந்து போய் விளக்கைப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர், "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுங்க" என்றார். அதற்கப்புறம் நான் சத்தமாகப் பேச, அது இன்னும் மோசமாக, ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று. நாற்பத்தைந்து நிமிடச் சுற்று இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகள் அவை. மடிக்கணினியை மூடிவிட்டு அங்கேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா வந்து "என்னப்பா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டபோது பதில் சொல்லக்கூட முடியவில்லை.

மறுநாள் அதே இடத்தில், அதே பதினொரு மணிக்கு உட்கார்ந்து மூன்று நிமிடம் பதிவு செய்து பார்த்தேன். தூண்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு உருவம் பேசிக்கொண்டிருந்தது, கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. காரணம் எளிமையானது. கேமரா தன் படச் சட்டத்துக்குள் வரும் வெளிச்சம் முழுவதையும் பார்த்துத்தான் எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறது. பின்னால் பாதிச் சட்டத்துக்கு வெயில் கொட்டினால், அந்த வெயிலுக்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். வெயிலோடு போட்டி போட ஒரு குழல் விளக்கால் முடியாது, அதனால்தான் விளக்குப் போட்டும் பயனில்லை. சரிசெய்ய எளிய வழி, திரும்பி உட்காருவது. வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருக்கிற சுவர் முகத்தை விடக் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க, நேர்காணல் எத்தனை மணிக்கோ அதே மணிக்கு முதல் நாள் உட்கார்ந்து பாருங்கள். மாலையில் பார்த்துவிட்டுக் காலையில் உட்காருவது பாராமல் உட்காருவதற்குச் சமம்.

சத்தத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில நாள் ஆனது. பட்டாலையில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். தட்டிய பிறகும் அந்தச் சத்தம் உயரத்தில் சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. எங்கள் வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து பூசி, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்த்தவை. தரை ஆத்தங்குடிக் கல், தூண் தேக்கு, கூரை வெகு உயரம். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை. நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நாலு பக்கமும் பட்டுத் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் வந்து விழுகிறது. நேரில் பேசும்போது நம் காது அதைப் பிரித்துக்கொள்ளும், மைக் பிரிக்காது. நான் சத்தமாகப் பேசியபோது திரும்பி வரும் ஒலியும் அதே அளவு கூடியது, அதனால்தான் மோசமானது.

இதை இன்னொரு பிரச்சினையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எதிரில் இருப்பவர் "என் குரலே எனக்குத் திரும்பக் கேட்குது" என்றால், உங்கள் ஒலிபெருக்கியில் வரும் அவர் குரலை உங்கள் மைக் பிடிக்கிறது என்று அர்த்தம், இயர்போன் மாட்டினால் போய்விடும். "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி" என்றால் அது அறையின் குற்றம். அதற்கு மைக் வாய்க்குப் பக்கத்தில் வர வேண்டும், அறையும் மாற வேண்டும். மின்விசிறி இரைச்சலைக் குறைக்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது, ஆனால் இந்த முழக்கத்தை அதை நம்பி விட முடியாது.

முதல் தோல்விக்கப்புறம் பதற்றத்தில் பொருள்களை வாங்கினேன். வட்ட விளக்கு 2,200, தனிக் கேமரா 3,900, கம்பியில்லா இயர்பட் 1,800. பட்டாலையை விட்டு மேல்மாடி அறைக்கு மாறினேன். அங்கே சன்னலுக்கு மேல் வளைவில் பச்சையும் சிவப்புமாக வண்ணக் கண்ணாடி. சாயங்கால வெயில் அதன் வழியாக வந்தபோது என் கன்னத்தில் ஒரு பச்சைப் பட்டை விழுந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், நம் கண்ணுக்குப் பழகிப்போய்விடும், கேமராவுக்குப் பழகாது. அந்த மேல்வளைவை அட்டை வைத்து மூடினேன். சரி, இனிப் பிரச்சினை இல்லை என்று இரண்டாவது நிறுவனத்தின் நேர்காணலுக்கு உட்கார்ந்தேன்.

நான் கண்ணாடி அணிபவன். வட்ட விளக்கைக் கேமராவுக்கு நேர் பின்னால் வைத்திருந்தேன், பெட்டியில் போட்டிருந்த படத்தில் அப்படித்தான் இருந்தது. விளைவு, இரண்டு கண்ணுக்கும் மேல் இரண்டு வெள்ளை வளையங்கள், கண்ணே தெரியவில்லை. இயர்பட் விஷயம் வேறு. புளூடூத்தில் பாட்டு மட்டும் கேட்கும்போது தரம் நன்றாக இருக்கும். அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியதும் பல கருவிகளில் இணைப்பு பேச்சுக்கான வேறு முறைக்கு மாறி, தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். இது தெரியாமல் "பாட்டு நல்லா கேட்குது" என்று நான் திருப்தியாக இருந்தேன். கம்பி வைத்த 450 ரூபாய் இயர்போனே அந்த வேலைக்கு அதைவிட நல்லது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஆனால் அன்று என்னை உடைத்தது வெளிச்சமோ சத்தமோ இல்லை. நேர்காணல் முடிந்து நான்கு நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து பேசினார்கள். நான் வற்புறுத்திக் கேட்டதால் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க எதையோ பார்த்து வாசிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு குழு எழுதியிருக்காங்க சார்." என் வாழ்க்கையில் நான் யாரையும் பார்த்து எழுதியவன் இல்லை. அந்த இருபது வருடப் படிப்பும் வேலையும் ஒரு வரியில் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது போல இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தில், அழைப்பில் எங்கே எதைப் பார்த்தேன் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் தவறில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நடந்தது இதுதான். கேமரா திரையின் உச்சியில் இருந்தது. அவர்கள் முகம் வந்த சதுரத்தை, என் சுயவிவரத்தைப் பக்கத்தில் திறந்துவைப்பதற்காகத் திரையின் கீழ் மூலைக்கு நகர்த்தியிருந்தேன். கேமராவிலிருந்து ஏறக்குறைய 18 செ.மீ. கீழே. நான் உட்கார்ந்திருந்த தூரம் 60 செ.மீ. கணக்குப் போட்டால் என் பார்வை கேமராவை விட 16, 17 டிகிரி தாழ்ந்திருக்கிறது. நான் அவர்கள் முகத்தைத்தான் மரியாதையாகப் பார்த்துப் பேசினேன், அவர்களுக்கு நான் கீழே எதையோ வாசிப்பதாகத் தெரிந்தது. யோசிக்கும்போது கண் மூலைக்குப் போவதும், சொல்லும்போது வரி வரியாக அசைவதும் சந்தேகத்தை உறுதி செய்திருக்கும்.

2002இல் மில்டன் சென் என்பவர் வீடியோ உரையாடலில் கண் பார்வை பற்றிச் செய்த ஆய்வைப் பற்றி அப்போது படித்தேன். மேலேயோ பக்கவாட்டிலோ பார்த்தால் எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுகிறார், ஆனால் கேமராவுக்குக் கீழே சுமார் 5 டிகிரிக்குள் பார்த்தால் தன் கண்ணைப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறார் என்பது அதன் சாரம். இதில்தான் எனக்கு வழி கிடைத்தது. "கேமராவையே பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதை ஒரு மணி நேரம் யாராலும் செய்ய முடியாது. ஒரு முகத்தைப் பார்க்காமல் ஒரு புள்ளியைப் பார்த்துப் பேசினால் நம் பேச்சிலிருந்து உயிர் போய்விடும், எதிரில் இருப்பவர் தலையாட்டுவதும் புருவம் சுருக்குவதும் தெரியாது. அதைவிட, அவர் முகம் வரும் சதுரத்தைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே, திரையின் மேல் விளிம்பை ஒட்டி வைத்துவிட வேண்டும். அவர் கண் கேமராவிலிருந்து 5 செ.மீ. கீழே வந்தால், 75 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் கோணம் 4 டிகிரிக்குள் வந்துவிடும். பின்னால் நகர நகரக் கோணம் குறையும், அதற்காக மூன்றடிக்கு மேல் போனால் நம் முகம் சிறிதாகிவிடும், மைக்கும் தூரமாகிவிடும். இன்னொன்று, நம் சொந்த முகம் வரும் சதுரம். அது இருந்தால் கண் அடிக்கடி அங்கே போகும். சூமில் நம் படத்தின் மேல் வலது சொடுக்கு செய்தால் `Hide Self View` என்று வரும். சட்டம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அதை மறைத்துவிடுங்கள். மறைப்பது நமக்கு மட்டும்தான், அவர்களுக்கு நம் படம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். குறிப்பு கட்டாயம் வேண்டும் என்றால் நாலு வார்த்தையில் ஒரு சிறு தாளில் எழுதி, கேமராவை ஒட்டி ஒட்டுங்கள். மடியிலோ மேசையிலோ வைக்காதீர்கள்.

மூன்றாவது அழைப்புக்கு இடமே வேறு. வளவை ஒட்டிய அறைகளில் ஒன்றில் அப்பத்தா மெத்தை, தலையணை, ஜமுக்காளம் எல்லாம் அடுக்கிவைத்திருப்பார். சின்ன அறை, ஒரே சன்னல், சாதாரணக் கண்ணாடி. உள்ளே போய்க் கை தட்டினேன், சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது. அவ்வளவுதான், அந்த அறைதான் என்று முடிவு செய்தேன். முதலில் பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கொடியில் தொங்கவிட்டால் போதும் என்று நினைத்தேன். மெல்லிய துணி எழுத்தொலியின் கூர்மையைக் கொஞ்சம் தணிக்கிறது, குரலின் முழக்கத்தைத் தடுப்பதில்லை. தடிமன்தான் வேலை செய்கிறது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நான் பார்த்து உட்காரும் சுவரில் சாய்த்து, தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். நம் வாய் நேராகப் பேசுவது எதிர்ச்சுவரைப் பார்த்துத்தான், அதனால் முதல் மெத்தை அங்கேதான் போக வேண்டும்.

மைக்குக்குக் கம்பி இயர்போன். வாயிலிருந்து ஒரு சாண் தூரம் கூட இருக்காது. மடிக்கணினியின் மைக் 60 செ.மீ.யில் இருந்தது, இது 15 செ.மீ.யில் இருக்கிறது. தூரம் நாலில் ஒன்றானால் நேராக வரும் குரல் 16 மடங்கு வலுவாகிறது, சுவரில் பட்டு வருவது அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் மெத்தையை விட இந்த ஒரு மாற்றம் பெரியது என்பேன். ஒரே எச்சரிக்கை, மைக் சட்டையில் உரசினால் கரகரவென்று கேட்கும். ஒரு சிறு கிளிப்பில் காலரோடு சேர்த்துப் பிடித்துவிட வேண்டும்.

வெளிச்சத்துக்கு, மேசையைச் சன்னலுக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டேன், சன்னல் எனக்கு இடது முன்பக்கம் இருக்கும்படி. வலது கன்னம் இருட்டாக விழுந்தது. வழவழப்பான வெள்ளைச் சுவர் பக்கம் நாற்காலியை இரண்டடி நகர்த்தியதும் சுவரே ஒளியைத் திருப்பி அந்தக் கன்னத்தில் கொடுத்தது. சத்தத்தைக் கெடுத்த அதே சுண்ணாம்புச் சுவர் வெளிச்சத்துக்கு உதவியது எனக்கு மிகப் பெரிய நிம்மதி, ஏனென்றால் இனி எதையும் வாங்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பிரதிபலிப்பும் இல்லை, ஒளி பக்கத்திலிருந்து வருவதால் அது கேமராவுக்குத் திரும்பாமல் வேறு பக்கம் போகிறது.

சட்டத்துக்கு, மடிக்கணினிக்குக் கீழே இரண்டு மணைப்பலகையும் நாலு தடித்த புத்தகமும் வைத்து, கேமரா என் கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்தினேன். மேசையில் அப்படியே வைத்தால் கேமரா கீழிருந்து மேலே பார்க்கும், நாசித் துவாரமும் மின்விசிறியும்தான் தெரியும், திரையை எவ்வளவு சாய்த்தாலும் அது சரியாகாது. உச்சந்தலைக்கு மேல் மூன்று விரல் இடம், கீழே நெஞ்சின் மேல்பகுதி வரை, கண்கள் சட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். உயர்த்தினால் விசைப்பலகையில் தட்டுவது சிரமம், நிரல் எழுதச் சொல்லும் சுற்று என்றால் தனி விசைப்பலகை ஒன்று இருக்கட்டும். நான் ஒரு நண்பனிடம் கடன் வாங்கினேன். நாற்காலியின் நாலு கால் இருந்த இடத்தையும் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துவைத்தேன், ஏனென்றால் பெருக்கித் துடைத்தபின் நாற்காலி அரையடி நகர்ந்தாலும் வெளிச்சம் மாறிவிடுகிறது.

அந்தத் தடிச் சுவருக்குள் கம்பியில்லா இணைப்பு சரியாக வரவில்லை. கேபிளை வாசற்கதவுக்குக் கீழாக இழுத்து நேராகச் செருகினேன். மின்வெட்டுக்குப் பயந்து ரவுட்டருக்கு அண்டை வீட்டு அண்ணனின் சிறு யுபிஎஸ்ஸை வாங்கி வைத்தேன். மனிதவளப் பிரிவின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். முதல் நாள், நேர்காணல் நடக்கப்போகும் அதே பதினொன்றரை மணிக்குப் பழைய அலுவலக நண்பன் ஒருவனை அழைத்துப் பத்து நிமிடம் பேசினேன். அவனிடம் கேட்டது மூன்றுதான்: என் கண் தெரிகிறதா, நான் உன்னைப் பார்க்கிறேனா, 'ஸ', 'ச' பிரித்துக் கேட்கிறதா. "நல்லா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது நேர்காணல் ஒரு மணி ஐந்து நிமிடம் நடந்தது. ஒரு முறைகூட "கேட்கலை" என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன், அதை அவர்கள் நேராக எடுத்துக்கொண்டார்கள். ஆடியில் வேலை கிடைத்தது, 61,000 சம்பளம், வீட்டிலிருந்தே வேலை.

இன்னும் தீராத ஒன்று இரவுச் சுற்று. வெளிநாட்டுக் குழுவோடு இரவு எட்டு மணிக்குப் பேச வேண்டியிருந்தால் சன்னல் பயன்படாது. அதற்கு அந்த வட்ட விளக்கையே எடுத்துவந்து, முகத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்க வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். சுவரில் பட்டு வரும் ஒளி மென்மையாக இருக்கிறது, கண்ணாடியில் வளையம் வருவதில்லை, ஆனால் வெளிச்சம் குறைந்துவிடுவதால் படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. விளக்கைச் சுவருக்கு ஒன்றரை அடி நெருக்கி, நானும் சுவருக்கு நெருங்கி உட்கார்ந்தால் ஓரளவு சரியாகிறது. படத்தில் கிடைமட்டமாகப் பட்டைகள் ஓடினால் கேமராவின் அமைப்பில் 60 என்று இருக்கும் ஹெர்ட்ஸை 50க்கு மாற்றுங்கள், நம் மின்சாரம் 50தான். தேவகோட்டையிலிருந்து என் சின்னத்தா மகள் அடுத்த வாரம் ஒரு நேர்காணலுக்கு இங்கே வருகிறாள், அவளுக்கு இரவு ஏழரை மணிக்கு. மெத்தையை அப்பத்தா இன்னும் எடுத்து அடுக்கவில்லை.